நடைமுறையைத் திருத்தினால் குறை தீருமா?

நெருக்கடி நிலைக் காலம். மிசாவில் அடைபட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை நீதிமன்றங்கள் விசாரிக்கலாமா என்ற வழக்கு, உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன் நடந்துகொண்டிருந்தது. அரசுக்காக வாதாடியவர் அட்டர்னி ஜெனரல் நிரேன் தே. அவரிடம் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒன்று கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையை வைத்து ஒருவரைச் சுட்டுக் கொன்றால், அதற்கு நீதிமன்றத்தில் பரிகாரம் உண்டா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை, தம்முடைய வாதத்தின்படி, கிடையாது என்று நிரேன் தே பதில் சொன்னார்.

1976 ஏப்ரல் 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஏ.என். ரே, எம்.எச். பேக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி ஆகிய நால்வரும் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்துத் தீர்ப்பெழுதினார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி காலியானபோது, மூத்தவரான அவரைத் தாண்டி பேக் நியமிக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

ஜபல்பூர் வழக்கு என்று அழைக்கப்படும் இந்தத் தீர்ப்பு, ‘சட்டத்தின் ஆட்சி’ பற்றிச் சட்டக் கல்லூரிகளில் எழுதப்படும் கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும். சட்டத்தின் ஆட்சியை இரண்டு விதமாகப் பார்க்கலாம் என்பது அந்தக் கட்டுரைகளின் தொடக்கம். ஒன்று வடிவ நோக்கு. சட்டம் எப்படி இயற்றப்பட்டது, எப்படி அறிவிக்கப்பட்டது, எப்படி நடத்தப்படுகிறது என்பதை மட்டும் அது பார்க்கும். மற்றொன்று உள்ளடக்க நோக்கு. சட்டம் என்ன சொல்கிறது, மனித உரிமையை மதிக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கும். பிறகு கட்டுரை ஒரு முடிவுக்கு வரும்: ஜபல்பூரில் நால்வர் வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள், கன்னா உள்ளடக்கத்தைக் கேட்டார், ஆகவே வடிவ நோக்கு ஆபத்தானது.

இந்த முடிவு எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஜபல்பூர் தீர்ப்பு வடிவ நோக்கின் தேர்விலேயே தோற்றுப்போகிற தீர்ப்பு. அதைக் கண்டிக்க உள்ளடக்க நோக்குவரை போக வேண்டிய தேவையே இல்லை. இதைக் காட்ட, வடிவ நோக்கு உண்மையில் என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜோசப் ராஸ் ஆக்ஸ்ஃபோர்டில் கற்பித்த சட்டத் தத்துவ அறிஞர். 1977-இல் அவர் எழுதிய கட்டுரைதான் வடிவ நோக்கின் மிகத் தெளிவான விளக்கம். சட்டம் மனிதர்களுக்கு வழிகாட்ட வேண்டுமானால் அதற்குச் சில குணங்கள் இருந்தாக வேண்டும் என்பது அவருடைய அடிப்படை. சட்டம் பகிரங்கமாக இருக்க வேண்டும். நேற்று செய்த செயலை இன்று குற்றமாக்கக் கூடாது. புரியும்படி இருக்க வேண்டும், அடிக்கடி மாறக் கூடாது. இவை எல்லோரும் நினைவில் வைத்திருப்பவை. ஆனால் ராஸின் பட்டியல் இத்துடன் நிற்கவில்லை. நீதிபதிகள் சுதந்திரமாக இருக்க வேண்டும், இயற்கை நீதி காக்கப்பட வேண்டும், அதிகாரிகளின் செயலை நீதிமன்றம் சரிபார்க்க முடிய வேண்டும், சாமானியனுக்கு நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்க வேண்டும், போலீஸின் விருப்புவெறுப்பு சட்டத்தை வளைத்துவிடக் கூடாது என்பவையும் அதில் உண்டு. பட்டியலின் இந்தப் பிற்பாதியை மறந்துவிட்டு வடிவ நோக்கை வெற்றுச் சடங்கு என்று சொல்லிவிடுகிறோம்.

இத்தனையும் இருந்தாலும் ஒரு சட்டம் கொடியதாக இருக்க முடியும் என்பதை ராஸ் மறைக்கவில்லை. கத்திக்குக் கூர்மை எப்படியோ, சட்டத்துக்கு இந்தக் குணங்கள் அப்படி என்றார். கூர்மையில்லாத கத்தி கத்தியாகப் பயன்படாது. ஆனால் கூரான கத்தியால் காய் நறுக்கலாம், கொலையும் செய்யலாம். நிறவெறியை அடித்தளமாகக் கொண்ட ஒரு நாட்டின் சட்டங்கள்கூட, நல்லெண்ணம் கொண்ட ஜனநாயக நாட்டின் சட்டங்களைவிட இந்தத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கலாம் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார்.

இதை ஏற்காதவர்கள் உண்டு. ரொனால்ட் டுவர்க்கின், விதிப்புத்தகத்தை அப்படியே பின்பற்றுவது ஒன்று, மனிதர்களுக்குள்ள உரிமைகளைச் சட்டம் பிடித்துக் காட்டுவது வேறொன்று என்று பிரித்து, இரண்டாவதுதான் சட்டத்தின் ஆட்சி என்றார். இங்கிலாந்தின் மூத்த நீதிபதியாக இருந்த டாம் பிங்காம், 2010-இல் வெளிவந்த தம் நூலில் ராஸுக்கு நேரடியாகவே பதில் சொன்னார். தன் மக்களில் ஒரு பகுதியை வதைக்கிற அரசு, அந்த வதையை எவ்வளவு ஒழுங்காகச் சட்டம் இயற்றிச் செய்தாலும், சட்டத்தின் ஆட்சியைக் கடைப்பிடிப்பதாகச் சொல்ல முடியாது என்பது அவருடைய நிலை.

இரண்டு பக்கமும் பெரிய பெயர்கள். ஒரு வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, அதிலுள்ள அநியாயம் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும். நான் வைத்துப் பார்க்கும் சோதனை இது: எந்தக் குறையைச் சொல்கிறோமோ, அதை நடைமுறையைத் திருத்தினால் தீர்த்துவிட முடியுமா? ஒரு அறிவிப்பு, ஒரு விசாரணை, ஒரு மேல்முறையீடு கொடுத்தால் நம் புகார் மறைந்துவிடுமா? மறைந்தால் அது வடிவத்தின் குறை. எல்லாவற்றையும் கொடுத்த பிறகும் புகார் அப்படியே இருந்தால், அது உள்ளடக்கத்தின் குறை.

இந்தச் சோதனையை முதலில் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் வைத்துப் பார்ப்போம்.

கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து சென்னை மாகாணத்துச் சிறைகளில் இருந்தார். சாதாரணக் குற்றச் சட்டத்தின்படி அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் நீதிமன்றத்தில் ரத்தாயின. ஆனாலும் தடுப்புக் காவல் ஆணைகள் தொடர்ந்தன. 1950 ஜனவரி 26-இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச் 1-ஆம் தேதி, சிறையில் இருந்த கோபாலனிடம் அந்தப் புதிய சட்டத்தின்படி ஒரு ஆணை கொடுக்கப்பட்டது. அவருக்காக எம்.கே. நம்பியார் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகளுக்கு என்ன பொருள் என்று அந்த நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்த முதல் பெரிய வழக்கு இது.

சிக்கல் 21-வது பிரிவில் இருந்தது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அது. அமெரிக்க அரசமைப்பில் இருப்பதுபோல, சட்டத்தின் நியாயத்தையே நீதிபதிகள் எடைபோட இடம்தரும் சொற்கள் முதலில் வரைவில் இருந்தன. பி.என். ராவ் அமெரிக்காவில் நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்துவிட்டு வந்த பிறகு அந்தச் சொற்கள் நீக்கப்பட்டன. சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அந்த நீக்கத்தை ஆதரித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றங்கள் கொண்டுவரும் சமூகச் சட்டங்களை ஒரு சில நீதிபதிகள் வீழ்த்திவிடக் கூடாதே என்ற கவலை அதன் பின்னே இருந்தது. அதனால் ஏற்பட்ட இழப்பை ஓரளவு ஈடுகட்டத்தான் கைதானவர்களுக்கான பாதுகாப்புகளைத் தனிப் பிரிவாக அம்பேத்கர் கொண்டுவந்தார். அதுதான் இன்றைய 22-வது பிரிவு. அந்தப் பிரிவே தடுப்புக் காவலையும் அனுமதிக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

நம்பியாரின் வாதம் இதுதான்: 21-வது பிரிவில் சொல்லப்படும் ‘சட்டம்’ என்பது சட்டமன்றம் இயற்றிய எதையும் குறிக்காது, இயற்கை நீதியின் நெறிகளுக்கு இணங்கிய சட்டத்தையே குறிக்கும். ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வில் பெரும்பான்மையினர் இதை ஏற்கவில்லை. முறையாக இயற்றப்பட்ட சட்டம் ஒரு நடைமுறையைச் சொல்லியிருந்தால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று பார்ப்பது தங்கள் வேலை இல்லை என்றார்கள். 1950 மே 19-இல் கோபாலனின் மனு தள்ளுபடியானது.

ஆனாலும் அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. ஒருவர் எந்தக் காரணங்களுக்காகக் காவலில் வைக்கப்பட்டிருக்கிறார் என்பதை நீதிமன்றத்திடம்கூடத் தெரிவிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவு தடுத்தது. தெரிவித்தால் அது குற்றம். இந்தப் பிரிவை ஆறு நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாது என்றார்கள். காரணம் தெரியாவிட்டால் காவல் சரியா தவறா என்று நீதிமன்றம் எப்படிப் பார்க்கும்? அடிப்படை உரிமைக்காக உச்ச நீதிமன்றத்தை அணுகும் உரிமையே வெறும் எழுத்தாகிவிடாதா? இது ராஸின் பட்டியலில் உள்ள ‘அதிகாரியின் செயலை நீதிமன்றம் சரிபார்க்க முடிய வேண்டும்’ என்ற அதே நெறி. ராஸ் எழுதுவதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே நம் நீதிபதிகள் அதைக் கையாண்டிருக்கிறார்கள்.

மறுத்துத் தீர்ப்பெழுதிய ஃபஸல் அலி என்ன கேட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். முன்னறிவிப்பு, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு, பாரபட்சமற்ற தீர்ப்பாயம், ஒழுங்கான விசாரணை ஆகிய நான்கும் ‘சட்டம்’ என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கியவை என்றார் அவர். பாடநூல்கள் இவரை உள்ளடக்க நோக்கின் முன்னோடி என்று போற்றுகின்றன. நம் சோதனையை வைத்துப் பாருங்கள். இந்த நான்கையும் கொடுத்துவிட்டால் ஃபஸல் அலியின் புகார் தீர்ந்துவிடும். அவர் கேட்டது முழுமையான வடிவம். பெரும்பான்மையினர் கொடுத்தது மெலிந்த வடிவம். இருவருக்கும் நடந்த சண்டை வடிவ நோக்கின் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

கோபாலன் வழக்கில் உள்ளடக்கக் கேள்வி ஒன்று உண்டு. அதை யாரும் கேட்கவில்லை. எந்தக் குற்றமும் செய்யாத ஒரு மனிதனை, நாளை ஏதாவது செய்துவிடுவான் என்ற ஐயத்துக்காக மட்டும் சிறையில் அடைக்கலாமா? இதற்கு அறிவிப்பும் விசாரணையும் வழக்கறிஞரும் தந்துவிட்டாலும் புகார் அப்படியேதான் நிற்கும். 22-வது பிரிவு தடுப்புக் காவலை ஒப்புக்கொண்டிருந்ததால் நீதிபதிகளால் அந்தக் கேள்விக்குள் நுழைய முடியவில்லை.

இப்போது ஜபல்பூருக்குத் திரும்பலாம். 1975 ஜூன் 25-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து வந்த குடியரசுத் தலைவர் ஆணை, 14, 21, 22 ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளுக்காக நீதிமன்றத்தை அணுகும் உரிமையை நிறுத்திவைத்தது. மிசா சட்டத்தில் சேர்க்கப்பட்ட 16ஏ பிரிவு, காவலுக்கான காரணங்கள் ரகசியம், அவற்றை யாரிடமும் வெளியிட வேண்டியதில்லை என்றது. 1950-இல் ஆறு நீதிபதிகள் சேர்ந்து தூக்கியெறிந்த அந்த ரகசியம், இன்னும் கடுமையான உருவில் திரும்பி வந்திருந்தது. அப்படியிருந்தும் பல உயர் நீதிமன்றங்கள் மனுக்களை விசாரிக்கலாம் என்றே சொல்லின. ஆணை மிசாவின் வரம்புக்கு உட்பட்டதா, உரிய அதிகாரிதான் பிறப்பித்தாரா, கெட்ட நோக்கத்தோடு பிறப்பித்தாரா என்றாவது பார்ப்போம் என்றன. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

நால்வரின் தர்க்கம் எளிமையானது. உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமை 21-வது பிரிவில் மட்டுமே இருக்கிறது. அதற்காக நீதிமன்றம் வரும் வழி அடைபட்டுவிட்டது. ஆகவே ஆணை மிசாவுக்கே முரணாக இருந்தாலும் கேட்க முடியாது. அரசமைப்புச் சட்டத்துக்கு வெளியே சட்டத்தின் ஆட்சி என்று தனியாக ஒன்று இல்லை. நெருக்கடி நிலையில் நெருக்கடிப் பிரிவுகளே சட்டத்தின் ஆட்சி.

இந்தத் தர்க்கம் எங்கே உடைகிறது? மிசா ஒரு கொடிய சட்டம் என்பதை ஒரு நிமிடம் ஒதுக்கிவைப்போம். மிசா நல்ல சட்டம் என்றே வைத்துக்கொண்டாலும், மிசாவையே மீறிய ஒரு காவலைச் சரிபார்க்க ஆளில்லை என்பதுதான் தீர்ப்பின் விளைவு. உரிய அதிகாரி அல்லாத ஒருவர், ஆள் மாறாட்டத்தில், பழிவாங்கும் நோக்கில் ஒருவரை உள்ளே தள்ளினாலும் பதில் கிடையாது. அப்படியானால் மிசா யாரையும் கட்டுப்படுத்தவில்லை. மக்களுக்கு விதி உண்டு, அதிகாரிக்கு விதி இல்லை. ராஸின் கத்தியை வைத்துச் சொன்னால், இது கூரான கத்தியைத் தவறாகப் பயன்படுத்திய கதை இல்லை. கத்தியின் முனையே உடைந்துபோன கதை. சோதனையையும் வைத்துப் பாருங்கள்: நீதிமன்றக் கதவைத் திறந்து, ஆணையை மிசாவோடு ஒப்பிட அனுமதித்திருந்தால், உயர் நீதிமன்றங்கள் கேட்ட அவ்வளவும் கிடைத்திருக்கும். முழுக்க முழுக்க வடிவத்தின் குறை.

கன்னாவின் தீர்ப்பின் மையமும் இதுவே. 21-வது பிரிவு இல்லாவிட்டாலும், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ அரசு பறிக்க முடியாது. அரசமைப்புச் சட்டம் வருவதற்கு முன்பும் இந்த மண்ணில் அதுவே நிலை என்றார். இது 1885-இல் இங்கிலாந்தின் ஏ.வி. டைசி சொன்னதிலிருந்து அதிகம் விலகாத, பழமையான நெறி. ஆனால் கன்னா ஓரிடத்தில் அதையும் தாண்டிப் போகிறார். வெறும் வடிவத்தை மட்டும் பார்த்தால் நாஜி ஆட்சியின் கூட்டக் கொலைகளும் சட்டம் என்ற பெயருக்குள் வந்துவிடும் என்றும், சட்டத்தின் ஆட்சியை மறுப்பதை ஒரு சட்டத்தின் மூலமே செய்தாலும் அது மறுப்புதான் என்றும் எழுதினார். இந்த ஒரு பத்தியை வைத்துத்தான் அவரை உள்ளடக்க நோக்கில் சேர்க்கிறார்கள். அந்தப் பத்தியை எடுத்துவிட்டாலும் அவருடைய தீர்ப்பு நிற்கும் என்பது என் வாசிப்பு.

நாஜி உதாரணமேகூட நாம் நினைக்கும் அளவுக்கு ஒழுங்கான வடிவம் கொண்டதில்லை. 1934 ஜூன் இறுதியில் ஹிட்லர் தம் சொந்தக் கட்சிப் படையின் தலைவர்கள் பலரைக் கொல்லச் செய்தார். அதன் பிறகு ஜூலை 3-ஆம் தேதி, அந்தக் கொலைகள் சட்டப்படி சரியானவை என்று முன்தேதியிட்டு ஒரு சட்டம் வந்தது. அமெரிக்காவின் லான் ஃபுல்லர் இத்தகைய செயல்களைச் சுட்டிக்காட்டி, கொடுங்கோலர்கள் பகிரங்கமான, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட விதிகளுக்குள் நிற்க முடியாமல் தவிப்பதைக் கவனிக்கச் சொன்னார். வடிவத்துக்குள் ஓர் ஒழுக்கம் ஒளிந்திருக்கிறது என்பது அவருடைய கட்சி. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டங்களில் பல பகிரங்கமாக அச்சிடப்பட்டு ஒழுங்காகவே நடத்தப்பட்டன என்பதால் ஃபுல்லரை முழுதாக ஏற்க முடியவில்லை. ஆனால் மிசாவின் 16ஏ பிரிவைப் படிக்கும்போது அவர் சொன்னதில் பாதியாவது உண்மை என்று படுகிறது.

கதவை அடைத்தால் உள்ளே என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். இந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்த அதே மாதங்களில், 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் மிசாவில் கைதானார்கள். பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் அவர்கள் தாக்கப்பட்டார்கள். நெருக்கடி நிலை முடிந்த பிறகு நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் அதை விசாரித்துப் பதிவு செய்தது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு வரும் ஆணைய அறிக்கை, அடி விழும் நேரத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு செய்திருக்கக்கூடியதைச் செய்ய முடியாது. வடிவத்தை ‘வெறும்’ வடிவம் என்று யாராவது சொல்லும்போது என் நினைவுக்கு வருவது இதுதான்.

அப்படியானால் உள்ளடக்க நோக்கு தேவையே இல்லையா? தேவைதான். அதற்குச் சரியான வழக்கு ஜபல்பூருக்கு ஏழு ஆண்டுகள் கழித்து வந்தது.

இந்திய தண்டனைச் சட்டத்தில் 303 என்றொரு பிரிவு இருந்தது. ஆயுள் தண்டனை அனுபவிக்கும் கைதி கொலை செய்தால் மரண தண்டனை. வேறு தண்டனையே கிடையாது. சூழ்நிலை என்ன, தூண்டியது யார், எப்படிப்பட்ட கைதி என்று எதையும் நீதிபதி பார்க்க முடியாது. இந்தப் பிரிவை ராஸின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1860-இலிருந்து அச்சில் இருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு சட்டத்தை எழுத முடியாது. முன்தேதியிட்டது இல்லை. சுதந்திரமான நீதிமன்றத்தில் முழு விசாரணை, வழக்கறிஞர், மேல்முறையீடு எல்லாம் உண்டு. சொல்லப்போனால், நீதிபதியின் தனி விருப்பத்துக்கு இடமே இல்லாததால் வடிவ நோக்கின்படி இது மாதிரிச் சட்டம்.

1983 ஏப்ரலில் மிட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைச் செல்லாது என்றது. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் அப்போது தலைமை நீதிபதியாக இருந்த ஒய்.வி. சந்திரசூட். ஜபல்பூரில் பெரும்பான்மையோடு நின்ற அதே சந்திரசூட். திருடினால் கையை வெட்டலாம் என்று ஒரு சட்டம் சொன்னால், அது முறையாக இயற்றப்பட்டது என்பதற்காகவே ஏற்றுக்கொள்ள முடியுமா என்ற கோணத்தில் அவருடைய வாதம் போகிறது. இங்கே நடைமுறையைத் திருத்தி எதையும் சரிசெய்ய முடியாது. பத்து மேல்முறையீடு கொடுத்தாலும் சட்டம் ஒரே முடிவைத்தான் சொல்லும். சட்டம் சொல்கிற விஷயமே தவறு என்று யாராவது சொல்ல வேண்டும். உள்ளடக்க நோக்கு இல்லாமல் 303-ஐ எதிர்க்க வழியில்லை.

கோபாலன் தீர்ப்பிலிருந்து மிட்டு தீர்ப்புக்கு வர நடுவில் ஒரு பாலம் இருந்தது. மேனகா காந்தியின் பாஸ்போர்ட் 1977-இல் பறிமுதல் செய்யப்பட்டு, காரணமும் மறுக்கப்பட்டது. 1978 ஜனவரியில் வந்த அந்த வழக்கின் தீர்ப்பு, 21-வது பிரிவு சொல்லும் நடைமுறை நியாயமானதாகவும் ஏற்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்றது. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் பகவதி. அமர்வில் பேக்கும் சந்திரசூட்டும் இருந்தார்கள். ஜபல்பூரின் நால்வரில் மூவர், இரண்டே ஆண்டுகளில், எதிர்த்திசையில். நெருக்கடி நிலை முடிந்திருந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இதில்தான் ராஸ் எழுப்பும் எச்சரிக்கை உறைக்கிறது. சட்டத்தின் ஆட்சி என்பதை நல்ல சட்டத்தின் ஆட்சி என்று விரித்துவிட்டால், எது நல்லது என்று சொல்ல ஒரு முழுமையான சமூகத் தத்துவமே வேண்டியிருக்கும். அப்போது அந்தச் சொல் தனக்கென்று ஒரு வேலை இல்லாமல் போய்விடும் என்றார் அவர். யாருடைய தத்துவம் என்ற கேள்வியும் எழும். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் செல்லும் என்றது. 2018 செப்டம்பரில், வயதுவந்தோர் விருப்பத்தோடு கொள்ளும் உறவைப் பொறுத்தவரை செல்லாது என்றது. பிரிவில் ஒரு சொல்கூட மாறவில்லை. இரண்டாவது தீர்ப்பே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஐந்தாண்டுகளில் ஒரு மனிதனின் சுதந்திரம், எந்த அமர்வின் முன் வழக்கு வந்தது என்பதைப் பொறுத்து இருந்தது. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் கவலை தேவையற்ற கவலை என்று தள்ளிவிட முடியாது.

ஜபல்பூர் தீர்ப்பு 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் வெளிப்படையாகக் கைவிடப்பட்டது. அந்த முக்கியத் தீர்ப்பை எழுதியவர் ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட். ஆனால் நடைமுறையில் அந்தத் தீர்ப்பை முன்பே செயலிழக்கச் செய்தது, 1978-இல் நிறைவேறிய 44-வது திருத்தம். நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளுக்கான உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்று அது எழுதிவைத்தது. நீதிபதியின் மனசாட்சியை நம்பி விடாமல், கதவைத் திறந்தே வைக்க ஒரு பகிரங்கமான விதி. கன்னாவின் வெற்றி கடைசியில் வடிவமாகவே வந்து சேர்ந்தது.

கோபாலன் வழக்கில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் அதைக் குண்டர் சட்டம் என்ற பெயரில் தினசரிச் செய்தித்தாளில் பார்க்கிறோம். 1982-ஆம் ஆண்டின் 14-வது சட்டம் அது. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ திருப்தியடைந்தால் ஒருவரை 12 மாதம் வரை விசாரணையின்றி வைத்திருக்கலாம். காரணங்களை ஐந்து நாட்களுக்குள் அவரிடம் கொடுக்க வேண்டும். மூன்று வாரங்களுக்குள் அறிவுரைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். குழுமம் காவல் தொடங்கிய ஏழு வாரங்களுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அதிகாரியின் திருப்தி சரியா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் பெரும்பாலும் போவதில்லை.

ஆனால் இந்த ஆணைகளில் கணிசமானவை உயர் நீதிமன்றத்தில் ரத்தாகின்றன. ரத்தாகும் காரணங்களைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். கைதியிடம் கொடுத்த ஆவணத்தின் நகலில் சில பக்கங்கள் படிக்க முடியாமல் மங்கியிருக்கும். ஆங்கிலத்தில் இருந்த ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டிருக்காது. கைதி அனுப்பிய முறையீட்டைக் கோட்டையில் சில நாட்கள் காரணமின்றிக் கிடப்பில் போட்டிருப்பார்கள். ரவுடியை நகல் மங்கியதற்காக விடுவிக்கிறார்களே என்று கோபப்படுபவர்கள் உண்டு. அந்த மங்கிய பக்கத்தில்தான் அவர் ஏன் உள்ளே இருக்கிறார் என்பது எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க முடியாதவரால் எதற்குப் பதில் சொல்ல முடியும்? 1950-இல் 14-வது பிரிவை வீழ்த்திய அதே நெறி, இன்று ஒரு நகலெடுத்த தாளில் வேலை செய்கிறது.

எல்லாப் பக்கங்களும் தெளிவாக இருந்து, மொழிபெயர்ப்பும் சரியாக இருந்து, முறையீட்டுக்கும் உடனே பதில் போயிருந்தால், செய்யாத குற்றத்துக்காக அந்த மனிதர் 12 மாதம் உள்ளே இருப்பார். அங்கே வடிவ நோக்கு தன் வேலையை முடித்துவிட்டது. அதற்கு மேல் கேட்க வேண்டியதைக் கேட்கும் இடம் நீதிமன்றமா, 22-வது பிரிவைத் திருத்தும் அதிகாரம் படைத்த நாடாளுமன்றமா என்பதில்தான் இரு நோக்குகளும் உண்மையிலேயே பிரிகின்றன. நான் நாடாளுமன்றத்தின் பக்கம். ஆனால் 1950 முதல் இன்றுவரை எந்த நாடாளுமன்றமும் அந்த அதிகாரத்தை விட்டுக்கொடுக்க முன்வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.